நாள் வாடகையா, மாதத் தவணையா: புதிய ஆட்டோ ஓட்டுநரின் முதல் கணக்கு

ஆட்டோ ஸ்டாண்டில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கணக்கு சொல்லப்படும். நாள் வாடகை 350 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 9,100 ரூபாய் ஆகிறது. சொந்த வண்டி எடுத்தால் மாதத் தவணையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியிருக்க ஊரான் வண்டிக்கு ஏன் அழ வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு தொகைகளும் ஒரே வகையானவை அல்ல. கையில் ஐம்பதாயிரம், எழுபதாயிரம் மட்டுமே வைத்துக்கொண்டு தொழிலுக்கு வருகிறவருக்கு இந்த வேறுபாடு புரியாமல் போனால், வண்டியும் போய், போட்ட முன்பணமும் போய்விடக்கூடும்.

இக்கட்டுரையில் தமிழ்நாட்டில் பயணிகள் ஆட்டோ ஓட்டத் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் 75,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஓட்டிப் பழக்கம் அதிகமில்லை. கீழே வரும் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் வாடகையும் விலையும் மாறும் என்பதால், படிப்பவர் தம் ஊர்த் தொகைகளை அதே இடங்களில் வைத்து மறுபடி கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

புது வண்டியின் ஆன்-ரோடு விலை 3,00,000 ரூபாய் என்று கொள்வோம். முன்பணம் 60,000 கட்டினால் கடன் 2,40,000. தனியார் ஃபைனான்ஸில் "12 சதவீத வட்டி, மூன்று வருடம்" என்பார்கள். அந்த 12 சதவீதம் பெரும்பாலும் முழுக் கடனுக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் போடப்படும் வட்டி. அதாவது 2,40,000க்கு ஆண்டுக்கு 28,800 வீதம் மூன்று ஆண்டுக்கு 86,400 ரூபாய் சேர்த்து, வரும் 3,26,400 ரூபாயை 36ஆல் வகுத்தால் மாதத் தவணை 9,067 ரூபாய். நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்தே கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறீர்கள். குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 21 சதவீத வட்டி. உண்மையிலேயே 12 சதவீதத்தில், குறைந்துவரும் அசல் முறையில், ஒரு வங்கி அதே கடனைக் கொடுத்தால் தவணை 7,971 ரூபாய்தான் வரும். மூன்று ஆண்டில் 39,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆகவே வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டுகிறேன் என்று கேட்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது 9,100 வாடகையையும் 9,067 தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். வாடகை வண்டியில் இன்சூரன்ஸ், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, பெர்மிட், டயர், எஞ்சின் வேலை எல்லாம் உரிமையாளர் செலவு. ஓட்டுபவருக்கு எரிபொருள், பஞ்சர், அபராதம் ஆகியவை மட்டும். சொந்த வண்டியில் இவை அனைத்தும் தவணைக்கு மேல் வந்து உட்காரும். ஆண்டு இன்சூரன்ஸை 9,000 என்று வைத்தால் மாதத்துக்கு 750. ஆயில், பிரேக், கிளட்ச், டயர் என்று மூன்று ஆண்டுக்குச் சராசரி போட்டால் மாதம் 1,800. எஃப்.சி.க்குப் போகும்போது டிங்கரிங், பெயின்ட், டாப் மாற்றுவது, மீட்டர் முத்திரை எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு 12,000 என்றால் மாதம் 500. எல்லாம் சேர்ந்து சொந்த வண்டியின் மாதச் செலவு 12,117 ரூபாய். முதல் ஆண்டில் பழுது குறைவாக இருப்பதால் இந்தப் பணம் கையில் மிஞ்சுவது போலத் தோன்றும். அது மிச்சமல்ல, மூன்றாம் ஆண்டுக் கிளட்சுக்கும் டயருக்கும் உரிய பணம்.

வருமானத்தை நாளுக்கு 1,300 என்றும், எரிபொருள் போக மீதி 900 என்றும் வைத்துக்கொள்வோம். 26 நாள் ஓடினால் 23,400. வாடகை வண்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவது 14,300. சொந்த வண்டிக்காரர் கொண்டுபோவது 11,283. இதை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். வாடகை வண்டியில் ஓடிய ஒவ்வொரு நாளும் 550 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. சொந்த வண்டியில் மாதத்தின் முதல் 14 நாள் உழைப்பு முழுவதும் வண்டிக்கே போய்விட்டு, பிறகுதான் நாளுக்கு 900 வீட்டுக்கு வரத் தொடங்குகிறது. இரண்டும் எத்தனையாவது நாளில் சமமாகும் என்று கணக்கிட்டால் 35ஆவது நாள் என்று விடை வருகிறது. மாதத்தில் அத்தனை நாள் கிடையாது. ஆகவே, இந்த விலையிலும் வட்டியிலும், தவணை ஓடும் மூன்று ஆண்டும் சொந்த வண்டிக்காரரின் கைக்கு வருவது வாடகை வண்டிக்காரருக்கு வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்டாண்டுக் கணக்கு சொல்லாமல் விடுவது இதைத்தான்.

அப்படியானால் வாங்குவது நட்டமா என்றால் அதுவும் இல்லை. மாதம் 3,000 வீதம் 36 மாதத்தில் கூடுதலாகப் போவது 1,08,000, முன்பணம் 60,000, ஆக 1,68,000 ரூபாயை ஓட்டுநர் வண்டிக்குள் போட்டிருக்கிறார். மூன்றாண்டு ஓடிய, அடிபடாத ஆட்டோவின் விலையும் அதை ஒட்டியே இருக்குமென்றால், அதுவரை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கடைசித் தவணை கட்டிய மறுமாதம் நிலைமை மாறுகிறது. அப்போது வண்டிக்கு மாதம் 3,050 போதும். வாடகை வண்டிக்காரர் 9,100 கொடுத்துக்கொண்டே இருப்பார். மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வாங்குவதன் லாபம் முழுவதும் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகே இருக்கிறது. எனவே, மூன்று ஆண்டுத் தவணையை ஒரு மாதம்கூட அறுந்துபோகாமல் கட்டி முடிக்க என்னால் முடியுமா என்பதே புதியவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அறுந்துபோவது பெரும்பாலும் பெரிய விபத்தால் நடப்பதில்லை. காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்தால் போதும். அந்த மாதம் 17 நாள் ஓட்டத்தில் 15,300 ரூபாய் மீதி. வாடகை வண்டிக்காரர் ஓடிய நாளுக்கு மட்டும் 5,950 கொடுத்துவிட்டு 9,350 ரூபாயை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். சொந்த வண்டிக்காரருக்கு 12,117 போக மிஞ்சுவது 3,183. வீட்டுச் செலவு 11,000 என்றால் முன்னவருக்குப் பற்றாக்குறை 1,650; பின்னவருக்கு 7,817. நம் ஆள் தம்மிடமிருந்த 75,000இல் 60,000ஐ முன்பணமாகக் கட்டிவிட்டு 15,000 மட்டும் வைத்திருந்தால், இப்படி இரண்டு மாதம் வந்தாலே அது தீர்ந்துவிடும். மூன்றாவது முறை டியூ கட்டக் கைமாற்று, பிறகு அந்தக் கைமாற்றுக்குத் தினவட்டி என்று போகும் வழி எல்லோரும் அறிந்ததே.

தவணை நின்றால் வண்டியைத் தூக்குவார்கள். தூக்கிய பிறகு யார்டு வாடகை, எடுத்துச் சென்ற கூலி, தாமதக் கட்டணம் ஆகியவை கணக்கில் ஏறும். ஏலத்தில் வந்த தொகை பாக்கிக்குப் போதாவிட்டால் மீதியும் கேட்கப்படும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 36 தவணையில் 18 கட்டிவிட்டால் பாதிக் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முதல் தவணைகளில் வட்டிப் பங்கு அதிகம் என்பதால், மேலே சொன்ன கடனில் 18 தவணைக்குப் பிறகும் அசல் பாக்கி ஏறக்குறைய 1,38,700 ரூபாய் இருக்கும். ஒப்பந்தத்தில் வண்டியைப் பறிமுதல் செய்யும் முன் எத்தனை நாள் நோட்டீஸ் தரப்படும், முன்கூட்டியே கடனை முடித்தால் என்ன கட்டணம் என்ற இரண்டு வரிகளையாவது விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

வருமானத்தை 1,300 என்று நான் வைத்தது ஓரளவு பழகியவருக்கு. புதியவருக்கு முதல் சில மாதங்கள் அவ்வளவு வராது. காரணம் சவாரி கிடைக்காதது மட்டுமல்ல, காலி ஓட்டம். எந்த நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும், எந்த ரயில் வந்த பிறகு கூட்டம் வரும், எந்தப் பேட்டைக்குப் போனால் திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்பது தெரியாமல் சுற்றும்போது எரிபொருள் செலவு அப்படியே இருக்க, வருமானம் மட்டும் குறையும். நாளுக்கு 1,000 வந்து, எரிபொருள் 400 போனால் மீதி 600. 26 நாளுக்கு 15,600. வாடகை போக 6,500. சொந்த வண்டியானால் 3,483. இரண்டிலுமே வீடு நடக்காது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் முன்னதில் அவர் அடுத்த மாதமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். வாடகையில் அவர் வாங்கிக்கொள்வது வண்டியை மட்டுமல்ல, நிறுத்திக்கொள்ளும் உரிமையையும்தான். தொழில் தமக்கு ஒத்துவருமா என்றே தெரியாத ஒருவருக்கு அந்த உரிமைக்கு விலை உண்டு.

இதனால் முதல் ஆறு மாதமாவது வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வாடகை வண்டி எடுப்பதிலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. சாவியை வாங்கும் முன் நான்கு தாள்களின் தேதியைப் பார்க்க வேண்டும்: ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ். உரிமையாளர் "எல்லாம் கரன்ட்ல இருக்கு தம்பி" என்று சொல்வது தாள் ஆகாது. வண்டி எண்ணை mParivahan செயலியில் போட்டால் இந்தத் தேதிகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டுவதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுக்கு எதிரானது. பெர்மிட் இல்லாத வண்டியைத் தடுத்து நிறுத்தினால் அன்றைய பிழைப்பு அங்கேயே முடிந்தது. இன்சூரன்ஸ் தாளில் இன்னொன்றையும் தேட வேண்டும். அதில் 15 லட்ச ரூபாய்க்கு இருக்கும் சொந்த விபத்துக் காப்பு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அந்த உரிமையாளருக்கு உரியது; வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது தானாகக் கிடைக்காது. ஓட்டுநருக்கென்று தனிப் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் தம் பெயரில் சிறிய விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

பேச்சில் தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாடகை உண்டா, வண்டி ஷெட்டில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்பில் அது திரும்ப வரும் என்பன அவை. சண்டை வருவது பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டில்தான். மேம்பாலத்தில் மூன்று பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடியே ஏறுவது புதியவர்களின் பழக்கம். பிளேட் தேய்ந்து, எஞ்சின் சத்தம் கூடியும் வண்டி நகராமல் நிற்கும்போது, "நீ ஓட்டிய லட்சணம்" என்பார் உரிமையாளர், "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்பார் ஓட்டுநர். வண்டியை எடுக்கும் முதல் நாள் ஒரு மேம்பாலத்தில் உரிமையாளரையே பின்னால் உட்காரவைத்து ஏறிப் பார்த்துவிட்டால் இந்த வழக்கு எழாது. அதேபோல் நசுங்கல், கீறல், டயர், ஸ்டெப்னி, ஜாக் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவைக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மங்கிய தெருவிளக்கில் சாவி மாறும் வண்டிகளில் பழைய நசுங்கல் யாருடையது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆறு மாதத்தில் ஒரு நோட்டு எழுதுவது வாடகையைவிட முக்கியம். மூன்றே எண்கள் போதும்: காலையில் கிலோமீட்டர், இரவில் கிலோமீட்டர், சவாரியோடு ஓடிய கிலோமீட்டர். ஒரு நாளில் 110 கி.மீ. ஓடி, அதில் 60 மட்டும் சவாரியோடு ஓடியிருந்தால் மீதி 50 கி.மீ. எரிபொருள் உங்கள் பையிலிருந்து எரிந்தது. சென்னைக்கு 2013 ஆகஸ்ட்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய் என்று இருந்தது. ஆனால் எந்த விகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினாலும், காலி ஓட்டத்தைச் சேர்க்காத வருமானக் கணக்கு வீட்டுக்கு வந்து சேராது. செயலி வழியாக ஓட்டுகிறவர்கள் சவாரியை எடுக்கப் போகும் தூரத்தையும் காலி ஓட்டத்திலேயே சேர்க்க வேண்டும். மொத்த ஓட்டத்தில் காலி ஓட்டத்தின் பங்கு மாதாமாதம் குறைந்து வருகிறதென்றால் ஓட்டுநர் ஊரைக் கற்றுக்கொள்கிறார் என்று பொருள். ஆறாம் மாதமும் அசையாமல் நின்றால், சொந்த வண்டி எடுத்தாலும் அது அசையாது.

நோட்டோடு செய்ய வேண்டிய இன்னொன்று, சொந்த வண்டி வைத்திருப்பது போல நடித்துப் பார்ப்பது. இரண்டுக்கும் மாதச் செலவில் வித்தியாசம் 3,000 ரூபாய் என்று பார்த்தோம். வாடகைக்கு ஓட்டும்போதே அந்த 3,000ஐ ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பாகக் கட்டிவர வேண்டும். ஆறு மாதம் தவறாமல் கட்ட முடிந்தால் தவணையும் கட்ட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. முடியவில்லையென்றால், வண்டியைப் பறிகொடுக்காமலே அந்தப் பாடம் கிடைத்துவிட்டது.

குறைந்த பணத்தில் சொந்தமாக வேண்டும் என்பவர்கள் பழைய வண்டியைப் பார்ப்பார்கள். ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டி புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்குமானால் கடனும் சிறியது, தவணையும் சிறியது. எனக்கு இந்த வழியில் வெறுப்பு இல்லை; ஆனால் இது புதியவருக்கான வழி அல்ல, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்திருப்பவருக்கான வழி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும் வந்து நிற்கும்; ஒவ்வொரு முறையும் பெயின்டும் டிங்கரிங்கும் சில நாள் வருமான இழப்பும் உண்டு. சி.என்.ஜி. வண்டியானால் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை எப்போது வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போவது நல்லது. விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. சைலன்சர் அருகே கையை நீட்டிப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதல் முறையாக ஸ்டார்ட் செய்யும்போது நீலம் கலந்த புகை வந்து, ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் அது கூடினால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்துவிட்டது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது. பின் சீட்டின் அடியிலும் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலும் விரிப்பை எடுத்துவிட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; புதுப் பெயின்டின் அடியில் துரு தின்ற தகடு அமுங்கிக் கொடுக்கும். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், பாடி அழுகிய வண்டியை வாங்கி மீண்டவரை நான் பார்த்ததில்லை.

தாளில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருப்பது. கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வந்து அந்தப் பெயர் நீங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கட்டாமல் கிடக்கும் அபராதங்கள், parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, பெர்மிட். வண்டியை வாங்கிவிட்டால் பெர்மிட்டும் கூடவே வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி அதிகாரியின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது. எரிபொருளுக்குப் பதில் பேட்டரியில் ஓடும் ஆட்டோக்களுக்கு 2018இலிருந்து மத்திய அரசு பெர்மிட் விலக்கு அளித்திருக்கிறது. இரவில் சார்ஜ் போடத் தெருவோரத்து வாடகை வீட்டில் இடமும் தனி இணைப்பும் இருக்கிறதா என்பதே அங்கே முதல் கேள்வி.

நான்காவதாக ஒரு வழியும் ஸ்டாண்டில் பேசப்படும். உரிமையாளர் ஒருவர், "தினம் 500 கொடு, இரண்டு வருடத்தில் வண்டி உன்னுடையது" என்பார். முன்பணம் வேண்டாம் என்பதால் சேமிப்பு இல்லாதவருக்கு இது இனிக்கும். ஆனால் இரண்டு ஆண்டும் ஆர்.சி. அவர் பெயரில் இருக்கும். அந்த வண்டியின் மேல் அவருக்கே கடன் இருந்து, நீங்கள் கொடுக்கும் 500ஐ அவர் டியூவில் கட்டாமல் வேறு செலவு செய்தால், தூக்கப்படுவது நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி. அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு உங்கள் பேச்சு ஒப்பந்தம் எதுவும் தெரியாது. ஆர்.சி.யில் கடன் பதிவு இல்லாதது, முத்திரைத் தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்து போட்டது, பணம் வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ போவது ஆகிய மூன்றும் இருந்தாலன்றி இதற்குள் போக வேண்டாம் என்பேன். மூன்றும் இருந்தாலும் தயங்குவேன்.

உடனே புது வண்டி வாங்குவது சரியாக இருக்கும் நிலையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் மாதச் சவாரி இரண்டு மூன்று உறுதியாகக் கையில் இருந்து, அந்தத் தொகையே தவணையில் பாதிக்கு மேல் வருகிறது என்றால், அல்லது வீட்டில் அண்ணனோ மச்சானோ இரவு ஷிஃப்டுக்கு அதே வண்டியை ஓட்டுகிறார் என்றால், மேலே சொன்ன 14 நாள் என்பது எட்டு ஒன்பது நாளாகக் குறையும். அப்போதும் பள்ளி விடுமுறை மாதங்களில் அந்த வருமானம் நிற்கும் என்பதைக் கணக்கில் எழுத வேண்டும்.

நம் ஆளுக்குத் திரும்புவோம். 75,000 ரூபாயைத் தொடாமல் ஒன்பது மாதம் வாடகைக்கு ஓட்டுகிறார். முதல் மூன்று மாதம் வருமானம் குறைவு; வீட்டம்மாவின் தையல் வருமானத்தில் குடும்பம் நடக்கிறது; அவரால் 3,000ஐக் கட்ட முடியவில்லை. நான்காம் மாதத்திலிருந்து கட்டுகிறார். ஆகவே ஒன்பதாம் மாத முடிவில் அவரிடம் இருப்பது 93,000. இதில் 60,000 முன்பணம் போனால் மீதி 33,000. அதாவது வேலையே செய்யாமல் இருந்தாலும் மூன்று தவணை கட்டி, இன்னும் சிறிது கையில் இருக்கும். இந்த மூன்று தவணைப் பணம் இல்லாமல் ஷோரூம் வாசலை மிதிக்கக் கூடாது என்பதே நான் வைத்திருக்கும் எல்லை. ஆறு மாதத்திய நோட்டையும் தொடர் வைப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக்குப் போய், முத்ரா திட்டத்தில் பிணையில்லாக் கடன் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டோ வாங்குவது அத்திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட நோக்கம். வங்கி ஒரு மாதம் அலைக்கழித்தாலும், மிச்சமாகும் 39,000 ரூபாயை நினைத்து அலையலாம். மறுத்துவிட்டால் மட்டும் ஃபைனான்ஸ்.

கடன் தொடங்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பொதுவாக மழை நாளில் சவாரி கூடும், ஆனால் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் வண்டியை எடுக்கவே முடியாது. தண்ணீருக்குள் விட்டு எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் ஷெட்டில் ஒரு வாரம். முதல் தவணையே அந்த மாதங்களில் விழுவதைவிட, ஜனவரியில் வண்டியை எடுத்து, தவணைத் தேதியை ஒன்றாம் தேதியில் வைக்காமல் வீட்டு வாடகை போன பிறகு பத்தாம் தேதிக்கு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் கேட்டால் பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் அதற்கும் ஒரு கட்டணம் சொல்வார்கள்.